ஹீட்டரில் ‘ஓட்டம் இல்லை’: ஒரு கண்ட்ரோல் ஸ்கீமின் ஹேசாப் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேசாப் என்பது என்ன? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

வரைபடத்தில் ‘நோடு’ என்று சொல்லும் ஒரு சிறு பகுதியை எடுத்து, அங்கே நடக்க வேண்டியது என்ன என்று முதலில் எழுதிக்கொள்கிறோம். அப்புறம் ‘இல்லை’, ‘அதிகம்’, ‘குறைவு’, ‘எதிர்த்திசை’ போன்ற வழிகாட்டிச் சொற்களை ஓட்டம், அழுத்தம், வெப்பநிலை, மட்டம் ஆகியவற்றோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ‘இப்படி ஆக என்ன காரணம், ஆனால் என்ன நடக்கும், தடுக்க என்ன இருக்கிறது’ என்று குழுவாக உட்கார்ந்து கேட்கிறோம். 1960-களில் ஐசிஐ என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனத்தில் உருவான முறை இது. இன்று இதற்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 61882.

கண்ட்ரோல் ஸ்கீமுக்குத் தனியாக ஹேசாப் எதற்கு? பைப், பம்ப், டேங்க் எல்லாம் பார்த்தாயிற்றே?

பைப்பும் டேங்கும் தாமாக எதுவும் செய்யாது. கண்ட்ரோலர் செய்யும். ஒரு விலகல் வந்ததும் அது சும்மா இருக்காது, தனக்குத் தெரிந்த ஓர் அளவை மட்டும் பார்த்து வால்வைத் திறக்கும் அல்லது மூடும். அந்த அளவு அந்த நேரத்தில் பொய் சொல்கிறது என்றால், கண்ட்ரோலர் மிகுந்த அக்கறையோடு தவறான திசையில் வேலை செய்யும். பல ஹேசாப் அறிக்கைகளில் கண்ட்ரோல் லூப்பைப் பாதுகாப்பு என்ற பத்தியில் மட்டும் எழுதியிருப்பார்கள். அதே லூப் காரணம் என்ற பத்தியிலும், விளைவு என்ற பத்தியிலும் வர வேண்டியது. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

எந்த ஸ்கீமை எடுத்துக்கொள்ளலாம்?

எண்ணெயைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர். உள்ளே குழாய்ச் சுருள், அதாவது காயில். வெளியே எரிவாயு பர்னர்கள். விளக்கத்துக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன்: மணிக்கு 100 கன மீட்டர் எண்ணெய் 220 டிகிரியில் உள்ளே போய் 340 டிகிரியில் வெளியே வருகிறது. இதற்குச் சுமார் 6.7 மெகாவாட் வெப்பம் தேவை.

லூப்கள் இரண்டு. `FIC-101` எண்ணெய் ஓட்டத்தை ஆரிஃபிஸ் பிளேட்டில் உள்ள `FT-101` டிரான்ஸ்மிட்டர் மூலம் பார்த்து `FV-101` வால்வை இயக்குகிறது. `TIC-101` வெளியேறும் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்து எரிவாயு வால்வான `TV-101`-ஐ இயக்குகிறது. அதன் வெப்பநிலை அளவியைத் தாங்கும் தெர்மோவெல் ஹீட்டருக்கு உள்ளே இல்லை. வெளியேறும் பைப்பில், சில மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தச் சில மீட்டரை மறந்துவிடாதீர்கள். கடைசியாக ஒரு டிரிப்: ஓட்டம் 40-க்குக் கீழே போனால் எரிவாயுவை வெட்டும். டிரிப்புக்கான அளவும் அதே `FT-101`-இலிருந்துதான் வருகிறது. வரைபடத்தில் பார்க்க மிக நேர்த்தியாக இருக்கும்.

‘குறைந்த ஓட்டம்’ பார்த்தாயிற்று. ‘ஓட்டம் இல்லை’ என்பது அதன் கடைசி எல்லைதானே? இரண்டுக்கும் ஒரே வரி போட்டால் என்ன?

கூட்டத்தில் மணி நாலு ஆகும்போது எல்லோருக்கும் வரும் ஆசை இது. இந்த ஸ்கீமில் அப்படிச் செய்தால், இருப்பதிலேயே பெரிய ஆபத்தைத் தவறவிடுவீர்கள்.

ஓட்டம் 100-லிருந்து 70-ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நெருப்பு, குறைவான எண்ணெய். வெளியேறும் எண்ணெய் கூடுதலாகச் சூடாகிறது. அந்தச் சூடான எண்ணெய் ஓடிவந்து தெர்மோவெல்லைத் தொடுகிறது. `TIC-101` அதைப் பார்த்து எரிவாயுவைக் குறைக்கிறது. சரியான செயல். லூப் இங்கே உண்மையிலேயே பாதுகாப்பு.

இப்போது பம்ப் டிரிப் ஆகி ஓட்டம் ஒரேயடியாக நின்றுவிட்டது. காயிலுக்குள் நிற்கும் எண்ணெய் கொதிக்கிறது. ஆனால் அது தெர்மோவெல் இருக்கும் இடத்துக்கு வரவே இல்லை, ஓட்டம்தான் இல்லையே. தெர்மோவெல்லைச் சுற்றி நிற்பது முன்னால் வந்த பழைய எண்ணெய். அது மெதுவாக ஆறுகிறது: 340, 338, 333. `TIC-101` என்ன நினைக்கும்? ‘வெப்பம் போதவில்லை’ என்று எரிவாயுவை இன்னும் திறக்கும். குழாய்க்குள் வெப்பத்தை எடுத்துச் செல்ல ஓடும் எண்ணெய் இல்லாத நேரத்தில் நெருப்பு கூடுகிறது.

ஆக, 70-இல் காப்பாற்றிய அதே லூப் 0-இல் எரிக்கிறது. ‘குறைவு’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையே எங்கேயோ லூப் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. வழிகாட்டிச் சொற்களைத் தனித்தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான். (சில நேரம் காயிலில் உருவாகும் ஆவி சூடான எண்ணெயை வெளியே தள்ளி, வெப்பநிலை திடீரென்று ஏறுவதும் உண்டு. ஏறலாம், இறங்கலாம் என்றால் அதை நம்பிப் பாதுகாப்பு வைக்க முடியாது.)

அதுதான் டிரிப் இருக்கிறதே. 40-க்குக் கீழே போனால் எரிவாயு வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

பம்ப் நின்றதால் வந்த ‘ஓட்டம் இல்லை’ என்றால் டிரிப் வேலை செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹேசாப்பில் விளைவை எழுதும்போது பாதுகாப்புகள் எதுவும் இல்லை என்று வைத்துத்தான் எழுத வேண்டும். ‘டிரிப் ஆகும், ஒன்றும் ஆகாது’ என்று எழுதிவிட்டால், அந்த டிரிப் எதைத் தடுக்கிறது என்பதே அறிக்கையில் இருக்காது. பிறகு ஒருவர் செலவைக் குறைக்க அதை எடுத்துவிடலாமா என்று கேட்டால், எடுக்கக் கூடாது என்று சொல்ல ஆதாரம் இருக்காது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். எந்தக் காரணத்தால் ஓட்டம் நின்றது என்பதைப் பொறுத்து டிரிப் இருக்கும் அல்லது இருக்காது. அதனால் ஒவ்வொரு காரணத்துக்கும் தனி வரி வேண்டும்.

காரணங்களை எப்படித் தேடுவது? எங்கள் குழுவில் ‘பம்ப் டிரிப், வால்வு மூடல்’ என்று இரண்டு எழுதியதும் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள்.

எண்ணெயோடு நடந்து போங்கள். டேங்க் காலியா, ஸ்டிரெய்னர் அடைப்பா, பம்ப் நின்றதா, நிற்கும் இரண்டாவது பம்பின் செக் வால்வு கசிந்து எண்ணெய் அது வழியே திரும்பிப் போகிறதா, கை வால்வை யாராவது மூடினார்களா, `FV-101` மூடிக்கொண்டதா என்று பாருங்கள்.

இது ஒரு நடை. இரண்டாவது நடை சிக்னலோடு: ஆரிஃபிஸ் பிளேட், அங்கிருந்து அழுத்தத்தைக் கொண்டுபோகும் இம்பல்ஸ் லைன், டிரான்ஸ்மிட்டர், உள்ளீட்டு கார்டு, கண்ட்ரோலர், வெளியீட்டு கார்டு, பொசிஷனர், காற்று, வால்வு. ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி கேட்டால் போதும். இது உச்சத்துக்குப் போய் நின்றால்? அடிமட்டத்துக்குப் போனால்? இருந்த இடத்திலேயே உறைந்தால்? முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். மூன்றாவதைத்தான் மறப்பார்கள்.

உறைந்து நின்றால் என்ன ஆகும்? அளவு மாறாமல் இருந்தால் லூப்பும் அசையாமல் இருக்கும்தானே?

செட்பாயின்ட்டிலேயே துல்லியமாக உறைந்தால் அசையாது. அப்படி உறைவது அபூர்வம். நடப்பதை எண்களோடு பார்ப்போம்.

எண்ணெய் கெட்டியானது என்பதால் இம்பல்ஸ் லைன்களுக்கு வெளியே சூடேற்றும் டிரேசிங் இருக்கிறது. ஒரு நாள் டிரேசிங் நின்று, இரண்டு லைன்களிலும் எண்ணெய் உறைந்துவிட்டது. அந்த நொடியில் இருந்த அழுத்த வேறுபாடு உள்ளே பூட்டிக்கொண்டது. திரையில் 102. செட்பாயின்ட் 100.

`FIC-101` பார்ப்பது: ஓட்டம் 2 அதிகம். வால்வைக் கொஞ்சம் மூடுகிறது. அளவு இன்னும் 102. இன்னும் கொஞ்சம் மூடுகிறது. கண்ட்ரோலரின் இன்டக்ரல் பகுதியே இதற்குத்தான் இருக்கிறது, பிழை தீரும்வரை விடாது. டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 0–150 என்றால் பிழை 1.33 சதவீதம். கெயின் 0.5, இன்டக்ரல் நேரம் 1 நிமிடம் என்று வைத்தால் வால்வு நிமிடத்துக்கு 0.67 சதவீதம் மூடும். 55 சதவீதத்தில் இருந்த வால்வு முழுக்க மூட ஏறக்குறைய 82 நிமிடம்.

82 நிமிடம் கழித்து உண்மையான ஓட்டம் பூஜ்யம். திரையில் 102. டிரிப்பும் அதே 102-ஐத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. 40-க்குக் கீழே போகவில்லையே, அது ஏன் எழுந்திருக்கப் போகிறது? குறைந்த ஓட்ட அலாரமும் அப்படியே. காரணமும் பாதுகாப்பும் ஒரே டிரான்ஸ்மிட்டரில் குடியிருக்கின்றன. ஹேசாப் அட்டவணையில் இந்தக் காரணத்துக்கு எதிரே பாதுகாப்பு என்ற பத்தியில் `FT-101`-ஐத் தொட்ட எதையும் எழுத முடியாது. எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால், பத்தி காலி.

அந்த 82 நிமிடத்தில் ஆபரேட்டருக்கு ஏதாவது தெரியுமா?

தெரியும், தேடினால். மூன்று அடையாளங்கள் உண்டு, மூன்றையும் ஒரே டிரெண்டில் போட வேண்டும்.

ஓட்டக் கோடு அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி நேராக இருக்கும். உயிரோடு இருக்கும் ஓட்ட அளவு எப்போதும் சிறிதாவது நடுங்கும். பிறகு, `FIC-101`-இன் வெளியீடு காரணமே இல்லாமல் சரிந்துகொண்டே போகும். அதோடு எரிவாயு வால்வும் சேர்ந்து இறங்கும். ஏனென்றால் உண்மையான ஓட்டம் மெல்லக் குறையும்போது நாம் முன்பு பார்த்த ‘குறைவு’ நிலைதான் நடக்கிறது, `TIC-101` சரியாகவே நெருப்பைக் குறைத்துக்கொண்டு வருகிறது. ஓட்டம் மாறவில்லை என்று திரை சொல்லும்போது எரிவாயு ஏன் குறைய வேண்டும்? அந்த முரண்தான் துப்பு. கடைசியில் ஓட்டம் நிற்கும் கட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்த எரிவாயு திரும்பி ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பத்தைப் பார்க்கும் நேரத்தில் காலம் கடந்திருக்கும்.

ஒரு ஹேசாப்பில் இதைச் சொன்னபோது, எதிரே இருந்த மூத்த ஆபரேட்டர் சொன்னது: “சார், வெப்பநிலை 340-லயே நிக்குது, ஓட்டம் 102, எல்லாம் பச்சை. நான் ஏன் டிரெண்டைத் திறக்கப் போறேன்?” அவர் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதச் சொன்னேன். அலாரம் எதுவும் அடிக்காத இடத்தில் ‘ஆபரேட்டர் கவனிப்பார்’ என்பது பாதுகாப்பு ஆகாது.

விளைவு என்ற பத்தியில் எதுவரை எழுத வேண்டும்? ‘ஹீட்டர் பாதிக்கப்படும்’ என்றால் போதாதா?

போதாது. சங்கிலியாக எழுதுங்கள்: காயிலில் எண்ணெய் நிற்கிறது, நெருப்பு தொடர்கிறது, குழாய்ச் சுவரின் வெப்பநிலை ஏறுகிறது, உள்ளே எண்ணெய் சிதைந்து கரி படிகிறது, உலோகம் வலுவிழக்கிறது, குழாய் கிழிகிறது, எண்ணெய் நெருப்புப் பெட்டிக்குள் கொட்டிப் பெருந்தீ. பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதும் வேண்டும்.

அட்டவணையில் அந்த வரி எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்டுங்கள்.

*விலகல்:* ஓட்டம் இல்லை. *காரணம்:* `FT-101` இம்பல்ஸ் லைன்களில் எண்ணெய் உறைந்து, அளவு செட்பாயின்ட்டுக்கு மேலே நின்றுவிடுதல்; `FIC-101` வால்வை முழுக்க மூடுதல். *விளைவு:* மேலே சொன்ன சங்கிலி. `TIC-101` எரிவாயுவைக் கூட்டி நிலைமையை மோசமாக்கும். *இருக்கும் பாதுகாப்பு:* எதுவும் இல்லை (`FT-101` டிரிப்பும் அலாரமும் இந்தக் காரணத்துக்குச் செல்லாது). *பரிந்துரை:* டிரிப்புக்குத் தனி டிரான்ஸ்மிட்டர், தனி டேப்பிங், தனி டிரேசிங் மின்சுற்று.

அந்த மூன்று ‘தனி’களையும் கவனியுங்கள். இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் வாங்கி, அதையும் அதே டேப்பிங்கில் மாட்டி, அதே டிரேசிங்கில் சுற்றினால், இரண்டும் ஒரே குளிரில் ஒன்றாக உறையும்.

தனி டிரான்ஸ்மிட்டர் போட்டுவிட்டால் வரியை மூடிவிடலாமா?

பெரும்பாலும். நான் இன்னும் இரண்டு கேட்பேன். ஒன்று, இரண்டு ஓட்ட அளவுகளையும் ஒப்பிட்டு வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஓர் அலாரம். செலவு கிட்டத்தட்ட இல்லை, இரண்டும் ஆலையின் கண்ட்ரோல் கணினியான டிசிஎஸ்-இல் இருந்தால் போதும். உறைதல் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இது சொல்லிவிடும். இன்னொன்று, குழாய்ச் சுவரிலேயே ஒட்டிய வெப்பநிலை அளவி. எண்ணெய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உலோகத்தின் வெப்பத்தை அது நேரடியாகச் சொல்லும். ஆனால் நெருப்புக்குள் இருப்பதால் சீக்கிரம் பழுதாகும், எனவே அதை அலாரமாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம்.

டிசிஎஸ்-இல் `FV-101` 15 சதவீதத்துக்குக் கீழே மூடாதபடி வரம்பு வைத்துவிட்டால்?

நல்ல யோசனை, பாதி வேலை செய்யும். உறைந்த டிரான்ஸ்மிட்டர் கதையில் கண்ட்ரோலர் 15-இல் நின்றுவிடும். ஓட்டம் பூஜ்யம் ஆகாது. ஆனால் அந்த ஓட்டம் ஹீட்டருக்குப் போதுமா என்று கணக்கிட வேண்டும். அதோடு, வரம்பு இருப்பது மென்பொருளில். வெளியீட்டு கார்டு பழுதானாலோ, பொசிஷனர் கெட்டாலோ, வால்வு அதை மதிக்காது. வால்விலேயே இயந்திரத் தடுப்பு வைத்தால் இந்த எல்லாக் காரணங்களுக்கும் செல்லும். ஆனால் வால்வை முழுக்க மூட வேண்டிய அவசரம் ஒன்று இருக்கிறதா என்று அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். குழாய் கிழிந்துவிட்டால் எண்ணெயை நிறுத்த வேண்டுமே.

வால்வை இயக்கும் காற்று போனால் `FV-101` திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா?

எண்ணெய் வால்வு திறக்க வேண்டும், எரிவாயு வால்வு மூட வேண்டும். வரைபடத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்பதோடு, தளத்தில் உள்ள வால்வும் அப்படித்தானா என்று ஒருவர் போய்ப் பார்க்கட்டும்.

பம்ப் நின்று டிரிப்பும் சரியாக வேலை செய்தது. அதோடு முடிந்ததா?

இல்லை, இரண்டு விஷயம் மீதம். எரிவாயு வெட்டினாலும் உள்சுவரின் தீ தாங்கும் செங்கல் செஞ்சூட்டில் இருக்கும். அது நின்ற எண்ணெயைத் தொடர்ந்து சூடாக்கும். அதனால் காயிலுக்குள் நீராவி விட்டு எண்ணெயை வெளியேற்றும் வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, `FIC-101`. ஓட்டம் 0 என்று பார்த்ததும் அது வால்வை 100 சதவீதம் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஆபரேட்டர் அவசரமாக இரண்டாவது பம்பைப் போடுகிறார். எண்ணெய் முழு வேகத்தில் சுட்டெரியும் குழாய்க்குள் பாய்கிறது. சட்டென்று ஆவியாகி அழுத்தம் எகிறும், குழாய்க்கும் வெப்ப அதிர்ச்சி. ‘ஓட்டம் இல்லை’ முடிந்து ‘அதிக ஓட்டம்’ தொடங்குகிறது. டிரிப் ஆனதும் `FIC-101` மேனுவலுக்குப் போய், ஒரு குறைந்த திறப்பில் நிற்கும்படி லாஜிக்கில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஹீட்டரில் எண்ணெய் நான்கு பாஸாக, அதாவது நான்கு இணைக் குழாய்களாகப் பிரிந்து ஓடுகிறது. மொத்த ஓட்டத்துக்கு ஒரு டிரிப் போதுமா?

போதாது. ஒரு பாஸ் முழுக்க நின்று மற்ற மூன்றிலும் ஓட்டம் கூடினால் மொத்தம் பெரிதாக மாறாது. கலந்து வெளியேறும் எண்ணெயின் வெப்பநிலையையும் `TIC-101` 340-க்கே கொண்டுவந்துவிடும். நின்ற பாஸ் மட்டும் அமைதியாக எரியும். ஒவ்வொரு பாஸுக்கும் தனி ஓட்ட அளவு, தனி டிரிப் வேண்டும். நோடு பிரிக்கும்போதே நான்கையும் ஒரே கோடாகப் பார்க்காதீர்கள்.

ஸ்டார்ட்அப்பில் டிரிப்பை பைபாஸ் செய்கிறோம். அதையும் ஹேசாப்பில் எழுத வேண்டுமா?

கண்டிப்பாக. ‘முன்’, ‘பின்’, ‘தாமதம்’ என்ற வழிகாட்டிச் சொற்கள் இதற்குத்தான். பர்னர் பற்றவைத்த பின்பும் பைபாஸ் விலகவில்லை என்றால் டிரிப் பெயரளவில் இருக்கிறது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பும் ஆள் மறப்பார் என்று வைத்துக்கொண்டு, ஓட்டம் 40-ஐத் தாண்டி ஒரு குறிப்பிட்ட நேரம் ஆனதும் பைபாஸ் தானாக விலகும்படி கேளுங்கள்.

பரிந்துரையை எழுதும்போது ‘பரிசீலிக்கவும்’ என்று போடலாமா?

போட்டால் பரிசீலித்துவிட்டோம் என்று மூடிவிடுவார்கள். என்ன கருவி, எந்த இடம், எந்த அளவில், எந்தக் காரணத்துக்கு எதிராக என்று எழுதுங்கள். மேலே காட்டிய வரியில் ‘தனி டேப்பிங், தனி டிரேசிங்’ என்று இருந்ததால்தான், கருவிப் பொறியாளர் ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கும்போது யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல் வரைபடத்தைத் திருத்த முடியும்.